இன்றைய நைட் டியூட்டிக்கு யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. முப்பது படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு. காலை ஷிஃப்ட் 8 முதல் 2 வரை, ஈவினிங் 2 முதல் 8 வரை, நைட் 8 முதல் மறுநாள் காலை 8 வரை. காலையில் நான்கு பேர், ஈவினிங்கில் மூன்று பேர், இரவில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வருகிறது. ஊரில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, விழுப்புரத்துக்குக் கொண்டு போகிறோம் என்கிறார். இவர் உடனே கிளம்ப வேண்டும். டியூட்டி தொடங்க இன்னும் ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில் கையில் இருக்கும் வழிகள் நான்கு. வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். யாராவது ஒருவரை நேரடியாகப் போனில் கேட்கலாம். ஒருவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாம். இல்லையென்றால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஆள் பார்ப்பதை அவரிடமே விடலாம். எல்லாமே நடைமுறையில் இருப்பவைதான். ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதை அடுத்து செய்கிறோம் என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என் கருத்து இதுதான்: முதலில் இன்சார்ஜ், அடுத்து ரோஸ்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரே ஒருவருக்குப் போன், மெசேஜ் அந்தப் போனுக்குத் துணையாக, குழு கடைசியில். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நமக்கே உடம்பு சரியில்லை, காய்ச்சலோ வாந்தியோ என்றால், ஆள் தேடுவது நம் வேலையில்லை. இன்சார்ஜுக்கோ நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கோ போன் செய்து சிக் லீவ் சொல்வதோடு நம் பொறுப்பு முடிகிறது. "நீயே ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டு லீவ் எடு" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அது தவறு. காய்ச்சலில் கிடப்பவர் படுக்கையிலிருந்து எட்டுப் பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது நியாயமே இல்லை. வார்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அம்மா விழுந்துவிட்டார் என்பதும் எமர்ஜென்சி லீவுக்கு உரிய காரணம்தான். அப்படியும் நாமே ஒருவரைக் கேட்பது இன்சார்ஜுக்கு உதவி. இரவில் உடன் நிற்கப் போகும் இன்னொரு நர்ஸ் முப்பது நோயாளிகளையும் தனியாகச் சமாளிக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருக்கிறது. அந்த அக்கறைக்காகக் கேட்கலாம், பயத்துக்காக வேண்டாம்.

இனி முக்கியமான கேள்வி, யாரைக் கேட்பது. அவசரத்தில் பலரும் செய்வது, தங்களுக்கு நெருக்கமானவரைக் கேட்பது. இல்லையென்றால், மறுக்கத் தெரியாதவரைக் கேட்பது. அதைவிட ரோஸ்டரை எடுத்து இரண்டு நிமிடம் பார்ப்பது நல்லது. பெரும்பாலானவர்களின் போனில் அதன் போட்டோ இருக்கும். நம் உதாரணத்தில் அதில் நான்கு பேர் கண்ணில் படுகிறார்கள்.

ஒருவர் இன்று காலை ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார், நாளையும் காலை ஷிஃப்ட்தான். இன்னொருவர் இப்போது ஈவினிங் டியூட்டியில் வார்டிலேயே இருக்கிறார். மூன்றாமவர் ஏழு நைட் முடித்து இன்று காலை இறங்கியவர், இன்றும் நாளையும் அவருக்கு நைட் ஆஃப், தங்கியிருப்பது மருத்துவமனை ஹாஸ்டலில். நான்காமவருக்கு இன்று வீக் ஆஃப், நாளை ஈவினிங் டியூட்டி.

ஈவினிங்கில் இருப்பவரைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அவர் அங்கேயே இருக்கிறார், நோயாளிகளையும் தெரியும், "அப்படியே நின்னுடுங்க" என்றால் போதும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் 2 முதல் மறுநாள் காலை 8 வரை தொடர்ந்து பதினெட்டு மணி நேரம். காலை ஷிஃப்ட் முடித்தவரும் அப்படித்தான். ஐந்தரைக்கு எழுந்து வேலைக்கு வந்தவர் மதியம் தூங்காவிட்டால், இரவு பத்தரை மணிக்கே பதினேழு மணி நேரம் விழித்திருப்பார். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுபானம் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். நள்ளிரவு மருந்து, அதற்கப்புறம் வரும் அட்மிஷன், ஆறு மணி ரவுண்டில் இன்சுலின், விடியற்காலை ரத்த மாதிரி எடுத்து சரியான ட்யூபில் சரியான பெயர் ஒட்டுவது என்று எல்லாமே அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் வருகின்றன. டபுள் டியூட்டி பார்த்துப் பழகிவிட்டோம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம், ஆனால் உடம்பு அப்படிப் பழகுவதில்லை. காலை ஷிஃப்ட்காரரைக் கேட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. நாளைக் காலை எட்டு மணிக்கு அவர் வர முடியாது. இன்றைய ஓட்டையை அடைத்து நாளைக்கு ஒரு ஓட்டை போட்டதுதான் மிச்சம்.

நைட் ஆஃபில் இருப்பவர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. மேலோட்டமாகப் பார்த்தால் இவர்தான் சரியான ஆள் போலத் தோன்றும். பகலில் தூங்கியிருப்பார், உடம்பும் இரவு விழிப்புக்குப் பழகியிருக்கும், ஹாஸ்டல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நைட் முடித்து இறங்கும் நாளில் பலரும் வேண்டுமென்றே குறைவாகத்தான் தூங்குவார்கள். மதியத்துக்குள் எழுந்தால்தான் இரவு வழக்கம்போலத் தூக்கம் வரும் என்று அப்படிச் செய்கிறார்கள். அவருடைய கணக்கில் இன்றிரவு தூங்க வேண்டிய இரவு. கூடவே இது எட்டாவது நைட் ஆகிவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள்தான் எப்போதும் முதலில் கேட்கப்படுகிறார்கள். "உனக்கென்ன, புருஷனா பிள்ளையா, ரூம்ல சும்மாதானே இருக்க" என்ற பேச்சை எல்லா ஹாஸ்டலிலும் கேட்கலாம். ஊரை விட்டு வந்து, குறைந்த சம்பளத்தில், வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் ஓய்வு, குடும்பம் இருப்பவரின் ஓய்வைவிட மலிவானது இல்லை. சீனியர் கேட்டால் அவரால் மறுக்கவும் முடியாது. மறுக்க முடியாத ஒருவரிடம் கேட்டு வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவரைக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக முதல் ஆளாகக் கேட்க வேண்டாம் என்கிறேன்.

மிஞ்சுவது வீக் ஆஃப்காரர். இன்று முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். இரண்டே முக்காலுக்குச் சொன்னால், மூன்றரை முதல் ஆறரை வரை படுத்து எழுந்து எட்டு மணிக்கு வந்துவிடலாம். அதனால் இவரை எவ்வளவு சீக்கிரம் கேட்கிறோம் என்பதும் அக்கறையில் சேர்ந்ததுதான். ஆறு மணிக்குக் கேட்டால் அந்த மூன்று மணி நேரத் தூக்கம் அவருக்குக் கிடைக்காது. இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. நாளை மதியம் 2 மணிக்கு அவருக்கு ஈவினிங் டியூட்டி. நைட் முடித்து காலை 8 மணிக்கு இறங்கினால் நடுவில் ஆறு மணி நேரம்தான். போகவர நேரமும் குளியலும் சாப்பாடும் போக மூன்று, நான்கு மணி நேரம் தூங்கலாம். அது போதாது. நாளைக் காலை ஷிஃப்டில் இருக்கும் நால்வரில் ஒருவரை ஈவினிங்குக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் இன்சார்ஜுக்கு மட்டுமே உண்டு.

இன்சார்ஜிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நாமே பேசி முடித்துவிட்டுக் கடைசியில் அவருக்குத் தகவல் சொல்வது பலருக்கு மரியாதையான வழி போலத் தோன்றுகிறது. தொந்தரவு கொடுக்காமல் தீர்த்துவிட்டோம் என்று நினைப்பு. ஆனால் ரோஸ்டரில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் அன்றிரவு அந்த வார்டுக்குப் பொறுப்பு. ஏதாவது தவறு நடந்து விசாரணை வந்தால், பெயர் ஒருவருடையதாகவும் கையெழுத்து இன்னொருவருடையதாகவும் இருப்பது இருவரையுமே மாட்டிவிடும். அதனால் முதல் போன் இப்படி இருக்கலாம்: "மேடம், அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு, நான் விழுப்புரம் கிளம்புறேன். இன்னிக்கு நைட் என்னால வர முடியாது. வீக் ஆஃப்ல இருக்கிற அக்காவைக் கேட்கலாம்னு நினைக்கிறேன், அவங்களுக்கு நாளைக்கு ஈவினிங் இருக்கு, அதை மாத்த முடியுமா?" இதில் "வர முடியாது" என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறோம். "வர்றது கொஞ்சம் கஷ்டம் மேடம்" என்று இழுத்தால், ஆறு மணி வரை அவர் நாம் வருவோம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

இன்சார்ஜிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன? விடலாம். பஸ்ஸில் ஏறிவிட்டோம், போனில் சார்ஜ் இல்லை, பேசவே முடியாத அளவுக்கு மனசு உடைந்திருக்கிறோம் என்றால் அதுதான் சரி. ஆனால் இன்சார்ஜ் கேட்கும்போது அது கேள்வியாக இருக்காது, உத்தரவாகிவிடும். சக ஊழியர் கேட்டால், முடியாது என்று சொல்லக் கொஞ்சம் இடம் இருக்கும்.

இனி அந்த அக்காவிடம் எப்படிப் பேசுவது. மெசேஜா, போனா? ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய விஷயத்துக்குப் போன்தான். மெசேஜை அவர் எப்போது பார்ப்பார் என்று தெரியாது. நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால், யோசிக்கிறாரா, தவிர்க்கிறாரா, பிள்ளை போனை வாங்கிப் பார்த்ததா என்று எதுவும் புரியாது. ஆனால் மெசேஜுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தேதியும் நேரமும் எழுத்தில் நிற்கும். அதனால் பேசி முடித்தவுடன் அதையே எழுதி அனுப்பிவிடுவது இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி. போனை எடுக்கவில்லையா, ஒரே ஒரு மெசேஜ் போட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கலாம். அதற்கப்புறம் அடுத்தவர். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு பேர் சரி என்று சொல்லி, அதில் ஒருவர் பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்து நின்றால், அடுத்த முறை அவர் நம் போனை எடுக்கவே மாட்டார்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. "அக்கா, இன்னிக்கு ஃப்ரீயா இருக்கீங்களா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "ஆமாப்பா, வீட்லதான் இருக்கேன்" என்று அவர் சொன்ன பிறகு விஷயத்தைச் சொன்னால், அவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டார். அதே மாதிரி "உங்களை விட்டா எனக்கு யாருமில்லக்கா" என்பதும் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், அவர் மறுத்தால் நம் அம்மாவின் நிலைமைக்கே அவர் பொறுப்பு என்பது போல ஆகிவிடுகிறது. நான் இப்படிக் கேட்கச் சொல்வேன்:

"அக்கா, ஒரு அவசரம். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு, நான் இப்பவே விழுப்புரம் கிளம்பணும். செவ்வாய் 16-ம் தேதி நைட், அதாவது இன்னிக்கு ராத்திரி எட்டு மணியிலேர்ந்து நாளைக் காலைல எட்டு வரைக்கும், எனக்குப் பதிலா நீங்க பார்க்க முடியுமா? மேடம்கிட்ட பேசிட்டேன், உங்க நாளை ஈவினிங்கை மாத்தித் தரேன்னு சொல்லியிருக்காங்க. பதிலுக்கு 26-ம் தேதி வெள்ளிக்கிழமை உங்க நைட்டை நான் பார்க்கிறேன். முடியலைன்னா தயங்காம சொல்லுங்க, மேடம் வேற ஆள் பார்ப்பாங்க. யோசிச்சு மூணரைக்குள்ள சொன்னா போதும்."

இதில் தேதியை அவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நைட் டியூட்டி இரண்டு தேதிகளில் விழுகிறது. "நாளைக்கு நைட்", "17-ம் தேதி நைட்" என்றெல்லாம் பேசும்போது, ஒருவர் தொடங்கும் தேதியையும் இன்னொருவர் முடியும் தேதியையும் நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கிழமை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கையும் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் வராது. மேடம் வேறு ஆள் பார்ப்பார் என்பதும் சும்மா சொல்வதில்லை. முதல் போனை இன்சார்ஜுக்குச் செய்துவிட்டதால் அது உண்மை, அதனால்தான் மறுப்பதும் அவருக்குச் சுலபமாகிறது. காரணத்தை இந்த அளவு சொன்னால் போதும். நம் குடும்ப விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றால், "வீட்டில் ஒரு மருத்துவ அவசரம்" என்பதே போதும்.

பதிலுக்கு என்ன தருவது என்பதிலும் மூன்று வழிகள் இருக்கின்றன. "அப்புறம் எப்பவாவது நான் பார்க்கிறேன்க்கா" என்பது அதிகம் சொல்லப்படுவது, அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். மறந்துபோன டியூட்டிகள் வார்டில் வருடக்கணக்காகப் பேசப்படும். கையிலிருந்து பணம் தருவது இரண்டாவது. சில இடங்களில் இரவுக்கு இவ்வளவு என்று நர்ஸ்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நான் அதை விரும்பவில்லை. பணம் அதிகம் தேவைப்படுபவர்தான் திரும்பத் திரும்பத் தன் ஓய்வை விற்க வேண்டியிருக்கும். டபுள் டியூட்டிக்கு மருத்துவமனையே பணமோ காம்ப் ஆஃபோ தருமானால் அது வேறு, அதை இன்சார்ஜிடம் கேட்டு அவருக்கு வாங்கித் தரலாம். மூன்றாவது, குறிப்பிட்ட தேதியில் மாற்றிக்கொள்வது. நைட்டுக்கு நைட்தான் சமம். பன்னிரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு ஆறு மணி நேர ஈவினிங்கைத் திருப்பிக் கொடுப்பது சரியில்லை.

அந்தத் தேதி நம்மால் காப்பாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நல்ல மனதோடு "இந்த ஞாயிறே உங்க நைட்டைப் பார்த்துடறேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இடுப்பெலும்பு முறிவு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இருக்கும், அதற்கப்புறம் அம்மாவை எழுப்பி நடக்க வைக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இவர் விழுப்புரத்தில்தான் இருப்பார். அதனால்தான் மேலே 26-ம் தேதி. இன்னொன்று, நாளைய நைட்டையும் நாளை மறுநாள் நைட்டையும் இதே போனில் சேர்த்துக் கேட்காதீர்கள். இன்றிரவு மட்டும்தான் அவசரம். மற்ற நாட்களுக்கு லீவ் எழுதிக் கொடுத்தால், ரோஸ்டரைத் திருத்த இன்சார்ஜுக்கு ஒரு பகல் முழுக்க நேரம் இருக்கிறது.

அக்கா சரி என்றதும் மூன்று சின்ன வேலைகள் பாக்கி. இன்சார்ஜுக்கும் அவருக்கும் ஒரே மெசேஜில் யார், எப்போது, எதற்குப் பதிலாக எந்தத் தேதி என்று எழுதி அனுப்ப வேண்டும். டியூட்டி மாற்றப் புத்தகம் இருக்கும் வார்டு என்றால் அதில் எழுதச் சொல்ல வேண்டும். அப்புறம், நேற்றிரவு நாம் பார்த்தவற்றில் கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாதவை. ஈவினிங்கில் இருப்பவர் ஹேண்டோவர் கொடுப்பார்தான், ஆனால் நோயாளி இரவில் எப்படி இருப்பார் என்று பகலில் பார்ப்பவருக்குத் தெரியாது. "14-ம் பெட் தாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போகணும்னு எழுந்து டிரிப்ஸ் லைனைப் பிடுங்கிடறாரு. ஒன்றரைக்கே யூரின் பாட்டில் கொடுத்துட்டா அமைதியா தூங்குறாரு" என்று இரண்டு வரி எழுதினால், வரப்போகிறவருக்கும் தாத்தாவுக்கும் அந்த இரவு சுலபமாகும்.

அவர் முடியாது என்றால்? "பரவாயில்லக்கா" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. வீக் ஆஃப் அவருடையது, அதில் தூங்குவதும் ஒரு காரணம்தான். அடுத்ததாக நைட் ஆஃபில் இருப்பவரைக் கேட்கலாம். ஆனால் போன் போட்டு எழுப்பாமல், முதலில் ஒரு மெசேஜ். அவர் தூங்கி எழுந்தாரா, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவது நல்லது. காலை ஷிஃப்ட் முடித்தவரும் ஈவினிங்கில் இருப்பவரும் வரிசையில் இதற்குப் பின்னால்தான்.

வாட்ஸ்அப் குழுவை நான் இவ்வளவு தள்ளி வைப்பதற்குக் காரணம், அதில் எல்லோரிடமும் கேட்பதால் யாரிடமும் கேட்காதது போல ஆகிவிடுகிறது. இருபது பேர் பார்ப்பார்கள், ஆளுக்கு ஆள் வேறு யாராவது சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்கள். பத்துப் பேர் கைகூப்பும் எமோஜி போடுவார்கள், ஆள் மட்டும் வராது. கடைசியில் எல்லோர் முன்னாலும் மௌனமாக இருக்கப் பயப்படும் புதுப் பெண்தான் "நான் வரேன் சிஸ்டர்" என்பார். ஐந்து மணி வரைக்கும் ஒருவரும் கிடைக்காவிட்டால் குழுவில் போடலாம். அப்போதும் இன்சார்ஜ் மூலமாகப் போட்டால் பக்கத்து வார்டிலிருந்தும் ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு. தேதி, நேரம், வார்டு, பதிலுக்குத் தரும் டியூட்டி எல்லாம் அதிலும் இருக்கட்டும். ஆள் கிடைத்தவுடன் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று போட மறக்க வேண்டாம். இல்லையென்றால் ஏழு மணிக்கு யாரோ ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

ஆறு மணியாகியும் ஒருவரும் இல்லையா? அதற்கு மேல் நாம் போன் போட வேண்டியதில்லை. "மேடம், இத்தனை பேரைக் கேட்டேன், யாருக்கும் முடியலை, நான் பஸ்ல இருக்கேன்" என்று இன்சார்ஜிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியதுதான். நைட் சூப்பர்வைசர் இன்னொரு வார்டிலிருந்து ஒருவரை இழுப்பார், இல்லையென்றால் தானே வந்து நிற்பார். அதற்கான பதவிதான் அது.